கூடுதலாகப் போன சம்பளத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ், எச்.ஆர். இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். போன ஏப்ரலில் எங்கள் சூப்பர்வைசர் அண்ணனுக்கு 2,500 ரூபாய் இன்கிரிமென்ட் போட்டோம். நான் அதை பேசிக்கில் ஒரு முறையும், ஸ்பெஷல் அலவன்ஸில் இன்னொரு முறையும் ஏற்றிவிட்டேன். 34,000 வாங்க வேண்டியவர் டிசம்பர் வரை ஒன்பது மாதம் 36,500 வாங்கியிருக்கிறார். மொத்தம் 22,500. இந்த ஜனவரியில்தான் கண்ணில் பட்டது. எம்.டி. சார் 'இரண்டே மாதத்தில் பிடித்துவிடு, ஒரு லெட்டரில் கையெழுத்து வாங்கிக்கொள்' என்கிறார். அண்ணனுக்கு மகள் காலேஜில் படிக்கிறாள், ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸிலும் இன்னும் மூன்று தவணை இருக்கிறது, மாதம் 1,000. அவர் மனம் நோகாமல், கம்பெனிக்கும் நஷ்டமில்லாமல் எப்படிச் செய்வது? லெட்டரில் என்ன எழுத வேண்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு முன்னால், ஏப்ரலில் அவர் கையில் கொடுத்த இன்கிரிமென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். எல்லாமே அந்தத் தாளில்தான் நிற்கிறது. 'உங்கள் மாதச் சம்பளம் 1.4.2025 முதல் ரூ. 34,000' என்று அதில் இருந்தால், அதற்கு மேல் போனது கணக்குப் பிழை என்பதில் சந்தேகம் இல்லை. லெட்டரே கொடுக்காமல் வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு சம்பளச் சீட்டில் 36,500 காட்டியிருந்தால் நிலைமை வேறு. 'எனக்கு ஐயாயிரம் ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்' என்று அவர் சொன்னால் அதை மறுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. அப்படியானால் எம்.டி.யும், அன்று அவரிடம் பேசிய ஆளும் சேர்ந்து உட்கார்ந்து, என்ன சொன்னோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிடித்தம் பற்றிய பேச்சு அப்புறம்தான். லெட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

அடுத்தது தொகை. 22,500 என்கிறீர்கள். ஒன்பதை 2,500-ஆல் பெருக்கியது அது. ஒவ்வொரு மாதத்தின் சம்பளச் சீட்டையும் தனித்தனியாகத் திறந்து, கொடுத்தது என்ன, கொடுத்திருக்க வேண்டியது என்ன என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். பெரும்பாலும் எங்காவது ஒரு மாதம் உதைக்கும். உதாரணத்துக்கு, செப்டம்பரில் அவருக்கு இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளுக்கு நீங்கள் கழித்ததும் 36,500-ஐ முப்பதால் வகுத்துத்தான். அதாவது கூடுதலாகப் போன 2,500-லிருந்தே 167 ரூபாய் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அந்த மாதம் கூடுதலாகப் போனது 2,333 மட்டும். அப்போது மொத்தம் 22,333 ஆகும். 167 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு பிழையைத் திருத்தப் போகிற தாளிலேயே இன்னொரு பிழை இருந்து, அதை அவரே கண்டுபிடித்தால், மிச்சமுள்ள எந்த எண்ணையும் அவர் நம்ப மாட்டார். விடுப்பைக் காசாக்கிக் கொடுத்தது, ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கிட்டுப் போனஸ் கொடுத்தது, இவையெல்லாம் தவறான சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கலாம். அவற்றையும் அந்தத் தாளிலேயே பாருங்கள். அதே ஏப்ரலில் இன்கிரிமென்ட் ஏற்றிய மற்றவர்களின் கணக்கையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இவரிடம் பேசி முடித்த பிறகு இன்னொருவர் கணக்கிலும் இதே பிழை தெரிந்தால், முதல் ஆள் மட்டும் ஏன் மாட்டினார் என்ற பேச்சு ஷாப் முழுக்க ஓடும்.

கேட்க வேண்டியது அவர் கைக்கு வந்து சேர்ந்த தொகையை மட்டும்தான். உங்கள் கம்பெனியில் பி.எஃப். 15,000 வரம்புக்குள் பிடிப்பதாக இருந்தால், இவருக்கு எப்போதும் 1,800தான். கூடுதல் 2,500-ஆல் அது மாறியிருக்காது. வருமான வரியும் இவருக்கு இல்லை. ஆண்டுக்கு நான்கு லட்சத்துச் சொச்சம் சம்பளம், புதிய வரி முறையில் வரி விழாத அளவு. அதனால் கூடுதலாகக் கணக்கிட்டதும் கைக்குப் போனதும் ஒரே தொகை. ஆனால் வரி பிடிக்கிற சம்பளத்தில் உள்ளவருக்கோ, முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கிறவருக்கோ இதே பிழை நேர்ந்திருந்தால், கூடுதலில் ஒரு பகுதி வரியாகவும் பி.எஃப். ஆகவும் போயிருக்கும். அந்தப் பணம் அவர் பையைத் தொட்டதே இல்லை, அதை அவரிடம் ரொக்கமாகக் கேட்பது நியாயமில்லை. வரியை அதே நிதியாண்டின் மீதி மாதங்களில் சரிக்கட்டிவிடலாம். மார்ச் 31 தாண்டிவிட்டால் சிக்கல் கூடும். அதனால் அப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் மார்ச்சுக்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு கணக்கை நேர்செய்து கொள்ளுங்கள்.

இப்போது எம்.டி. சொன்ன இரண்டு மாதம். பிழையாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைச் சம்பளத்தில் நேர்செய்வதை பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் அனுமதித்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் பிரிவு 18-இல் அனுமதிக்கிறது. ஆனால் அதே பிரிவு ஒரு கடிவாளமும் போடுகிறது. ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இந்தப் 'பாதி' எதில் பாதி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 34,000-இல் பாதி 17,000, நம்முடைய பிடித்தம் அதற்குள் இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். சட்டத்தொகுப்பு சொல்லும் ஊதியத்தில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேராது. அப்படி ஒதுக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மட்டும், தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்தில் வந்து சேரும். இவருடைய சம்பளம் பேசிக்கும் பஞ்சப்படியுமாக 20,000, வாடகைப்படி 9,000, பயணப்படி 5,000 என்று இருப்பதாக வைத்துக்கொண்டால், படிகள் 14,000. அது பாதிக்குள் இருக்கிறது. எனவே ஊதியம் 20,000, அதில் பாதி 10,000. இரண்டு மாதத்தில் முடிப்பதென்றால் மாதம் 11,250. அதோடு பி.எஃப். 1,800, தீபாவளி அட்வான்ஸ் 1,000 சேர்ந்து 14,050 ஆகிறது. வரம்பை நாலாயிரம் ரூபாய்க்கு மேல் தாண்டுகிறது. அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் இந்த வரம்பு தளராது. எம்.டி.யிடம் இந்தக் கணக்கை ஒரு சிறு தாளில் எழுதிக் காட்டுங்கள். தவறான பிடித்தம் என்று ஊழியர் மூன்றாண்டுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதையும், பிடித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் வரம்புக்குள் இருப்பதாலேயே ஒரு தொகை நியாயமாகிவிடாது. இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இவருக்கு விழப்போகும் அடி ஒன்றல்ல, இரண்டு. டிசம்பர் சம்பளம் கைக்கு வந்தது 36,500-இல் பி.எஃப்.பும் அட்வான்ஸும் போக 33,700. ஜனவரிச் சம்பளத்தில் பிழையை நிறுத்தினாலே அது 31,200 ஆகிவிடும். ஒரு பைசா கூடப் பிடிக்காமலே மாதம் 2,500 குறைகிறது. அந்தக் குடும்பம் ஒன்பது மாதமாக அந்தக் கூடுதல் 2,500-ஐயும் சேர்த்துத்தான் பால், வாடகை, பஸ், மகள் செலவு எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறது. 'ஒன்பது மாதத்தில் போனது, ஒன்பது மாதத்தில் வரட்டும்' என்று மாதம் 2,500 அளவில் பிடித்தால், கைக்கு வருவது 28,700-க்கு வந்து நிற்கும், டிசம்பரைவிட ஐயாயிரம் குறைவு. காகிதத்தில் பார்த்தால் ஒன்பது தவணை தாராளம்தான், வீட்டில் பார்த்தால் இல்லை. எம்.டி. சொன்ன இரண்டு மாதம் என்றாலோ கைக்கு 19,950. தவணையை முடிவுசெய்யும்போது சரியான சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறோம் என்று பார்க்காதீர்கள். கடைசியாகக் கைக்கு வந்த தொகையிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதம் எதுவும் பிடிக்க வேண்டாம். சம்பளம் 34,000-க்கு இறங்குவதற்கு அந்த வீடு பழகட்டும், தீபாவளி அட்வான்ஸும் மார்ச்சோடு முடியட்டும். அரையாண்டுத் தொழில் வரி 1,250-ஐயும் நீங்கள் மார்ச்சில்தான் பிடிப்பீர்கள் என்றால், அந்த மாதத்தை விட்டுவிட அது இன்னொரு காரணம். ஏப்ரல் சம்பளத்திலிருந்து மாதம் 1,500. அட்வான்ஸ் முடிந்திருப்பதால் கைக்கு 30,700 வரும். மார்ச் வரை வாங்கிய 31,200-க்கும் இதற்கும் வித்தியாசம் 500 ரூபாய்தான். ஏப்ரலில் புது இன்கிரிமென்ட் வந்தால் அந்த இறக்கமும் தெரியாது. ஜூன் மாதம் ஃபீஸுக்காகப் பிடித்தம் இல்லை. உதாரணத்தில் வந்த 22,333-ஐ வைத்துக்கொண்டால், 1,500 வீதம் பதினான்கு தவணை, கடைசித் தவணை 1,333. ஜூனை விட்டுக் கணக்கிட்டால் 2027 ஜூலைச் சம்பளத்தோடு முடிகிறது. வட்டி கிடையாது, பிழை கம்பெனியுடையது.

இதையே அப்படியே அவரிடம் நீட்டாதீர்கள். மாதம் 1,500 ஒரு வழி, மாதம் 2,000 போட்டுச் சீக்கிரம் முடிப்பது இன்னொரு வழி என்று இரண்டைக் கொண்டுபோங்கள். கடன் தலைமேல் இருப்பது பிடிக்காதவர்களும் உண்டு. வெளியில் சீட்டு எடுத்து மொத்தமாகக் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்னால், அது உண்மையிலேயே அவர் விருப்பமா, சங்கடத்தில் சொல்கிறாரா என்று இரண்டு நாள் கழித்து ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பேசுவது ஷாப் ஃப்ளோரில் வேண்டாம், எம்.டி. அறையிலும் வேண்டாம். உங்கள் மேஜையில், ஷிப்ட் முடிந்த பிறகு, கணக்குத் தாளை முன்னால் வைத்துப் பேசுங்கள். 'அண்ணா, ஏப்ரல்ல உங்க இன்கிரிமென்ட்டை நான் ரெண்டு இடத்துல ஏத்திட்டேன். தப்பு என் பக்கம். எவ்வளவு கூடுதலா வந்திருக்குன்னு மாசவாரியா எழுதியிருக்கேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. இன்னிக்கு எதுலயும் கையெழுத்து வேண்டாம்' என்ற அளவில் முதல் நாள் போதும். ஒரு வாரம் கொடுங்கள். தன் பேங்க் பாஸ்புக்கை வைத்து அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த ஒரு வாரத்தில் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு போடும் கையெழுத்துதான், பின்னால் யாராவது கேட்டாலும் நிற்கும்.

அவர் மறுத்தால்? எதை மறுக்கிறார் என்று பாருங்கள். தொகையில் தகராறு என்றால், ஒத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் தவணையில் தொடங்கிவிட்டு, மீதியைப் பற்றி எழுத்தில் பதில் கொடுங்கள். பிழையை ஒத்துக்கொண்டு தவணை முடியாது என்றால், தவணையைக் குறைத்து மறுபடி பேசுங்கள். சம்மதம் இல்லாமலும் வரம்புக்குள் நேர்செய்யச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் முன்கூட்டி எழுதித் தெரிவிக்காமல், பதிலும் கேட்காமல் பிடிக்காதீர்கள்.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில், பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், எப்போது திரும்பப் பிடிக்கக் கூடாது என்று சில நிலைகளைச் சொன்னது. மூன்றாம், நான்காம் நிலைப் பிரிவு ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்கள், ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த நிலை இவையெல்லாம் அதில் வருகின்றன. தனியார் கம்பெனியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்களுக்கு ஒரு அளவுகோலாக உதவும். ஒன்பது மாதத்துப் பிழையைக் கேட்பதில் தவறில்லை. இதே பிழை ஆறு வருடம் கழித்து, அவர் ஓய்வுபெறும் மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், கேட்காமல் விடுங்கள் என்றே எம்.டி.யிடம் சொல்லியிருப்பேன்.

சரி, லெட்டருக்கு வருவோம். அவசரத்தில் இப்படிப்பட்ட லெட்டர்களில் வழக்கமாக எழுதிவிடும் வாசகம்: 'நான் நிறுவனத்திடமிருந்து ரூ. 22,500 அதிகமாகப் பெற்றுக்கொண்டேன். அதை எப்படி வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' இதில் இரண்டு வாக்கியமும் தப்பு. முதல் வாக்கியம் அவரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. நாளைக்கு வேறு வேலைக்குப் போகும்போது இந்தத் தாள் அவர் ஃபைலில் இருக்கும், படிப்பவருக்கு யார் பிழை என்று தெரியாது. இரண்டாவது வாக்கியம் சட்ட வரம்பைத் தாண்டும் சம்மதத்தைக் கேட்கிறது, அதனால் உங்களுக்கும் பயன்படாது. நான் எழுதுவது கீழே இருக்கிறது, உங்கள் விவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழிலேயே இருக்கட்டும். அவருக்குப் படிக்க எளிதான மொழியில் இருப்பதுதான் சம்மதத்துக்குப் பலம்.

'2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, நிறுவனத்தின் சம்பளக் கணக்கில் ஏற்பட்ட பிழையால், ஊழியருக்கு ரூ. 22,333 கூடுதலாக வழங்கப்பட்டது. இதில் ஊழியரின் தவறு எதுவும் இல்லை. மாதவாரியான கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, ஊழியர் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்.

இத்தொகை வட்டியில்லாமல், 2026 ஏப்ரல் மாதச் சம்பளம் முதல், மாதம் ரூ. 1,500 வீதம் பதினான்கு தவணைகளிலும், ரூ. 1,333 கடைசித் தவணையாகவும் பிடிக்கப்படும். 2026 ஜூன் மாதச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. எந்த மாதத்திலும் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சட்ட வரம்பைத் தாண்டாது. தாண்டும் நிலை வந்தால் அந்த மாதத் தவணை குறைக்கப்பட்டு, குறைந்த தொகை இறுதியில் சேர்க்கப்படும்.

மருத்துவம், கல்வி போன்ற அவசரத் தேவைக்கு, சம்பள நாளுக்கு ஐந்து நாள் முன்பு எழுதித் தெரிவித்தால், ஆண்டுக்கு இரண்டு தவணை வரை தள்ளிவைக்கப்படும். ஊழியர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் மீதியை முன்கூட்டியே செலுத்தலாம்.

ஊழியர் வேலையை விட்டு விலகினால், அன்றைய மீதித் தொகையில் சட்ட வரம்புக்கு உட்பட்ட பகுதி மட்டும் கடைசிச் சம்பளத்தில் நேர்செய்யப்படும். அதற்கு மேல் இருப்பதை அதே தவணை அளவில் ஊழியர் வங்கி வழியே செலுத்துவார். கிராஜுவிட்டி, பி.எஃப்., அனுபவச் சான்றிதழ் ஆகியவை இதனுடன் தொடர்புபடுத்தப்படாது.'

கீழே தேதி, இருவர் கையெழுத்து, கணக்குத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரின் சுருக்கொப்பம். இரண்டு பிரதி போட்டு, ஒன்றை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடுவது நீங்களாக இல்லாமல் எம்.டி.யாக இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் வேறொருவர் அந்த நாற்காலிக்கு வந்து 'ஜூனில் ஏன் பிடிக்கவில்லை' என்று கேட்டால், அந்தக் கையெழுத்துதான் அண்ணனைக் காக்கும். புரோ-நோட்டு, தேதி போடாத செக், சொந்தக்காரர் ஜாமீன் எதுவும் வாங்காதீர்கள். அவர் கடன் வாங்கவில்லை.

வேலையை விடும் பகுதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தகராறு அங்கேதான் வெடிக்கிறது. சட்டத்தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் கொடுத்துவிட வேண்டும். பல கம்பெனிகளில் அந்த நேரத்தில் மீதி மொத்தத்தையும் செட்டில்மென்ட்டில் கழித்து, கையில் நானூறு ஐந்நூறைக் கொடுத்து அனுப்புவார்கள். பாதி என்ற வரம்பு கடைசி மாதச் சம்பளத்துக்கும் பொருந்தும். கிராஜுவிட்டியையோ அனுபவச் சான்றிதழையோ பிடித்துவைத்துப் பேரம் பேசினால், 22,333 ரூபாய்க்காகத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

கையெழுத்தான பிறகு உங்கள் பே-ரோலில் ஏற்றுவதிலும் ஒரு கவனம் வேண்டும். சிலர் வேலை சுலபம் என்று, ஸ்பெஷல் அலவன்ஸில் மைனஸ் 1,500 போட்டுவிடுவார்கள், அல்லது ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு என்று கழிப்பார்கள். அப்படிச் செய்தால் சம்பளச் சீட்டில் அவருடைய சம்பளமே 32,500 என்று தெரியும். மகள் படிப்புக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்கப் போனால், அவர் காட்டப்போவது அந்தச் சீட்டைத்தான். சம்பாத்தியப் பக்கத்தில் 34,000 முழுதாக இருக்க வேண்டும். பிடித்தப் பக்கத்தில் தனி வரியாக, 'கூடுதல் சம்பள நேர்செய்தல், தவணை 3/15, மீதி ரூ. 17,833' என்பதுபோல வர வேண்டும். தீபாவளி அட்வான்ஸோடு சேர்த்து ஒரே வரியாகவும் போடாதீர்கள். கணக்குப் புத்தகத்தில், கூடுதலாகச் சம்பளச் செலவில் எழுதிய 22,333-ஐ மார்ச் முடிவுக்குள் செலவிலிருந்து எடுத்து, ஊழியரிடமிருந்து வரவேண்டியது என்று தனித் தலைப்பில் வையுங்கள். ஒவ்வொரு மாதமும் அந்தத் தலைப்பின் மீதியும் சம்பளச் சீட்டில் காட்டும் மீதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாத மாதத்தில்தான் எங்கோ ஒரு தவணை விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு முறை பிடித்திருப்பீர்கள்.

தவணையை நிறுத்தும் மாதத்தையும் இப்போதே மென்பொருளில் பதிந்துவிடுங்கள், 2027 ஜூலை. தொடங்கும் மாதத்தை எல்லோரும் பதிவார்கள், முடியும் மாதத்தை மறந்துவிட்டு பதினாறாவது தவணையும் பிடித்துவிடுவார்கள். நடுவில் அவர் ஒரு தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டால் அந்தத் தேதியையும் கையோடு மாற்றுங்கள். கடைசி 1,333 பிடித்த மாதம், சம்பளச் சீட்டோடு சேர்த்து 'ரூ. 22,333 முழுவதும் நேர்செய்யப்பட்டது, இனி பாக்கி இல்லை' என்று எம்.டி. கையெழுத்தோடு ஒரு வரிக் கடிதம் கொடுங்கள். அதன் நகலை ஒப்பந்தத்தோடு சேர்த்து அவர் ஃபைலில் வையுங்கள்.